விடுதி உணவின் நாட்கணக்கு

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் மாதந்தோறும் ஒரு தாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்த மாதத்து உணவுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதை அறிவிக்கும் தாள் அது. சென்ற மாதம் 88 ரூபாய், இந்த மாதம் 91 ரூபாய் என்று அதிலே ஓர் எண் இருக்கும். அந்த எண் ஏன் ஏறிற்று, யார் கணக்கிட்டார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன். இதற்கு வேண்டிய கணிதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கே. ஆயினும் எதை எதனோடு கூட்டுவது, எதை எதிலிருந்து கழிப்பது என்னும் இடத்தில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

விடுதி உணவுக்குப் பணம் வாங்கும் முறைகள் இரண்டு. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது ஒன்று. ஆன செலவு முழுவதையும் மாதக் கடைசியில் உண்டவர்களுக்குள்ளே பங்கிட்டுக்கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாவது முறையைப் பங்கீட்டு முறை என்பர். மாணவர் வழக்கில் டிவைடிங் சிஸ்டம் என்றே பெயர். இதில் லாபம் அடைபவர் எவரும் இல்லை. ஆதலால் ஒருவர் செலுத்தாத ரூபாய் எங்கும் மறைந்துபோவதில்லை. அது மற்றவர்களுடைய சீட்டுகளில் போய் ஏறிக்கொள்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

ஒரு விடுதியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதில் 120 மாணவர்கள். மாதம் நவம்பர், 30 நாட்கள். நாம் காண வேண்டியது ஒரு வகுத்தல். மேலே இருக்க வேண்டியது அந்த மாதத்து உணவுச் செலவு. கீழே இருக்க வேண்டியது அந்த உணவுக்குப் பொறுப்பான நாட்களின் எண்ணிக்கை. ஒரு மாணவர் ஒரு நாள் உண்டால் அதை ஓர் உணவு நாள் என்று பெயரிட்டுக்கொள்வோம். 120 பேரும் 30 நாளும் தவறாமல் உண்டிருந்தால் 3,600 உணவு நாட்கள். உண்மையில் அவ்வாறு நடப்பதே இல்லை. சிலர் ஊருக்குப் போகிறார்கள். சிலருடைய பெற்றோரும் உறவினரும் விடுதிக்கு வந்து உண்கிறார்கள். அதனால் மேலெண்ணும் கீழெண்ணும் இரண்டுமே திருத்தப்பட வேண்டியவை.

முதலில் மேலெண்ணைப் பார்ப்போம். அந்த மாதம் கடைக்காரருக்குக் கொடுத்த பணந்தான் உணவுச் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. மாதத்தின் முதல் நாள் காலையில் உக்கிராண அறையில் சென்ற மாதத்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருக்கின்றன. அவற்றையும் இந்த மாதத்தில்தான் உண்ணப்போகிறோம். கடைசி நாள் இரவில் மிஞ்சியிருப்பவற்றை நாம் உண்ணவில்லை. அடுத்த மாதத்தார் உண்பார்கள். ஆகவே தொடக்க இருப்பைக் கூட்டி, முடிவு இருப்பைக் கழிக்க வேண்டும்.

நம்முடைய விடுதியில் தொடக்க இருப்பின் மதிப்பு 42,000 ரூபாய். மாதத்தில் வாங்கிய மளிகை, காய்கறி, பால், எரிவாயு எல்லாம் சேர்ந்து 2,94,800 ரூபாய். இரண்டும் கூடி 3,36,800. மாத முடிவில் நிறுத்தும் எண்ணியும் பார்த்த இருப்பு 36,600 ரூபாய். அதைக் கழித்தால் 3,00,200. காலிச் சாக்குகளையும் எண்ணெய் டின்களையும் விற்றதில் 1,200 ரூபாய் வரவு. அதையும் கழித்தால் 2,99,000 ரூபாய். இதுவே அந்த மாதம் உண்மையாக உண்ட உணவின் செலவு.

இங்கே 'வாங்கிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்த தேதி முக்கியமன்று. பண்டம் வந்து சேர்ந்த தேதியே முக்கியம். நவம்பர் மாதத்துப் பாலுக்கு டிசம்பர் 5 ஆம் தேதி பணம் கொடுத்தாலும் அது நவம்பர்ச் செலவுதான். பணம் கொடுத்த தேதியை வைத்துக்கொண்டு கணக்கு எழுதினால் ஒரு மாதம் செலவு குறைந்தும் மறு மாதம் மிகுந்தும் தோன்றும்.

முடிவு இருப்பைக் கழிக்க மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் பார்த்துவிடலாம். 36,600 ரூபாய் இந்த மாதச் செலவிலேயே தங்கிவிடும். நாம் பின்னர் காணப்போகும் கணக்கின்படி நாளொன்றுக்கு 91 ரூபாய் ஆக வேண்டியது 102 ரூபாய் 44 பைசாவாக ஏறிவிடும். அடுத்த மாதம் அந்த அரிசி விலையில்லாமல் கிடைத்ததுபோலாகி விகிதம் இறங்கும். ஆண்டு முழுவதும் அதே மாணவர்கள் இருந்தால் இதனால் பெரிய நட்டம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் படிப்பு முடிந்து அந்த மாதத்தோடு விடுதியை விட்டுப் போகிறவருடைய நிலை என்ன? 30 நாளும் உண்ட ஒருவர் ஏறக்குறைய 343 ரூபாயைத் தாம் உண்ணாத அரிசிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதனால்தான் கல்வி ஆண்டின் கடைசி மாதத்தில் இருப்பைக் கவனமாக நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இனி விருந்தினருக்கு வருவோம். நவம்பர் மாதத்தில் விருந்தினர் உண்ட சிற்றுண்டி 30, பகலுணவு 70, இரவுணவு 40 என்று பதிவேட்டில் காண்கிறது. இவர்கள் உண்டதற்கான செலவு 2,99,000 ரூபாயில் ஏற்கனவே அடங்கியிருக்கிறது. அதை மாணவர்களுடைய பங்கிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, விருந்தினர் உண்ட வேளைகளை உணவு நாட்களாக மாற்றிக் கீழெண்ணில் சேர்ப்பது. ஒரு நாள் உணவை ஐந்து பங்காக்கிச் சிற்றுண்டிக்கு ஒரு பங்கும், பகலுணவுக்கு இரண்டு பங்கும், இரவுணவுக்கு இரண்டு பங்கும் வைத்துக்கொள்வோம். அப்போது 30 சிற்றுண்டிக்கு 30 பங்கு, 70 பகலுணவுக்கு 140 பங்கு, 40 இரவுணவுக்கு 80 பங்கு. மொத்தம் 250 பங்கு. அதாவது 50 உணவு நாட்கள். மாணவர்களுடைய உணவு நாட்கள் 3,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,600 ஏன் 3,200 ஆயிற்று என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்து 3,250. இதனால் 2,99,000 ரூபாயை வகுத்தால் நாளொன்றுக்கு 92 ரூபாய் வருகிறது. விருந்தினருடைய சிற்றுண்டி 18 ரூபாய் 40 பைசா. பகலுணவும் இரவுணவும் தனித்தனியே 36 ரூபாய் 80 பைசா.

இந்த வழி நேர்மையானது. ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது. நவம்பர் 3 ஆம் தேதி உண்டுவிட்டுப் போன விருந்தினருக்கு எவ்வளவு ஆயிற்று என்பது டிசம்பர் மாதம் கணக்கு முடிந்த பிறகே தெரியவரும். ஆகையால் விடுதிகளில் இரண்டாவது வழியையே பெரும்பாலும் கைக்கொள்கிறார்கள். விருந்தினர் உணவுக்கு முன்கூட்டியே விலை வைத்துவிடுகிறார்கள். அந்த வரவை மேலெண்ணிலிருந்து கழித்துவிட்டு, மீதியை மாணவர்களுடைய உணவு நாட்களால் மட்டும் வகுக்கிறார்கள். நம் விடுதியில் சிற்றுண்டிக்கு 30 ரூபாய், பகலுணவுக்கு 70 ரூபாய், இரவுணவுக்கு 50 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். வரவு 900, 4,900, 2,000 ஆக மொத்தம் 7,800 ரூபாய். 2,99,000 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால் 2,91,200. இதை 3,200 ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 91 ரூபாய்.

முதல் வழியில் 92, இரண்டாம் வழியில் 91. இந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது? விருந்தினர் உண்ட உணவின் மதிப்பு 50 நாட்களுக்கு 4,600 ரூபாய். அவர்களிடம் வாங்கியது 7,800 ரூபாய். மிகுதியான 3,200 ரூபாய் 3,200 உணவு நாட்களுக்கும் பரவி, நாளுக்கு ஒரு ரூபாயைக் குறைத்தது. மாறாக, உறவினரிடம் அதிகம் வாங்கலாகாது என்று கருதி வேளைக்குப் பத்தே ரூபாய் என்று விலை வைத்திருந்தால் 140 வேளைகளுக்கு 1,400 ரூபாய்தான் வந்திருக்கும். மீதி 2,97,600, விகிதம் 93 ரூபாய். தம்மைக் காண ஒருவரும் வராத மாணவர், பிறருடைய விருந்தினருக்காக நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்தவராகிறார். ஆகவே முதல் வழி தரும் 92 ரூபாயை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறை விகிதம் அதற்குக் கீழே இருந்தால் விருந்தினர் விடுதியைத் தாங்குகிறார்கள். மேலே இருந்தால் விடுதி விருந்தினரைத் தாங்குகிறது.

விருந்தினரிடம் உணவின் மதிப்பைவிட அதிகமாக வாங்குவது சரியா என்று கேட்கலாம். 36 ரூபாய் 80 பைசா என்பது பண்டங்களின் விலை மட்டுமே. சமைத்தவருடைய கூலியும் பாத்திரம் துலக்கியவருடைய கூலியும் அதில் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தால் விலை உயரவே செய்யும். எவ்வளவு உயரும் என்பதை அறிய, கூலியின் கணக்கைத் தனியே பார்ப்பது நல்லது.

அதற்கு முன் 3,600 எப்படி 3,200 ஆயிற்று என்று பார்ப்போம். அந்த மாதம் மாணவர்கள் ஊரில் இல்லாத நாட்களை எல்லாம் கூட்டினால் 520 வந்தது. அவற்றுள் 400 நாட்களுக்கு மட்டுமே கழிவு கொடுத்தார்கள். மாணவர்கள் இதனை ரிடக்ஷன் என்பார்கள். நம் விடுதியின் விதி இது: தொடர்ந்து மூன்று முழு நாட்களாவது இல்லாதிருக்க வேண்டும்; புறப்படுவதற்கு முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விடுதிக்கு விடுதி விதி வேறுபடும். ஆனால் முன்னறிவிப்பு வேண்டும் என்பதன் காரணம் எங்கும் ஒன்றுதான்.

அந்தக் காரணத்தைச் சிறிது ஆழ்ந்து பார்க்க வேண்டும். நாளைக் காலை இட்டிலிக்கு இன்று பகலிலேயே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து மாலையில் அரைத்துவிடுகிறார்கள். பாலுக்குச் சொல்வதும் முதல் நாளேதான். பத்துப் பேர் நாளை இல்லை என்பது இன்று காலையில் தெரிந்தால் அவ்வளவு மாவும் பாலும் குறையும். அப்போது கீழெண்ணில் பத்து நாள் குறைகிறது. மேலெண்ணிலும் பத்துப் பேருடைய உணவுச் செலவு குறைகிறது. விகிதம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். அந்தப் பத்துப் பேர் சொல்லாமல் போய்விட்டாலோ, உணவு சமைத்தாகிவிடும். மேலெண் அப்படியே இருக்கும். பிறகு அவர்களுக்குக் கழிவு கொடுத்தால் கீழெண் மட்டும் குறையும், விகிதம் ஏறும். விதியின் உட்பொருள் இவ்வளவே: மேலெண்ணைக் குறைத்தவருக்குத்தான் கீழெண்ணிலிருந்து விலக உரிமை உண்டு.

எண்களால் சொன்னால் இன்னும் தெளிவாகும். விதிக்கு உட்படாத 120 நாட்களுக்கும் இரக்கப்பட்டுக் கழிவு கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கீழெண் 3,080 ஆகும். 2,91,200 ரூபாயை 3,080 ஆல் வகுத்தால் 94 ரூபாய் 55 பைசா வருகிறது. மாதம் முழுவதும் விடுதியிலேயே இருந்தவர் 106 ரூபாய் அதிகமாகக் கொடுக்க நேரும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர் பெரும்பாலும் அருகிலுள்ள ஊர்க்காரர். போகாமல் இருப்பவர் தொலைவிலிருந்து வந்தவர். சில வேளைகளில் பயணச் செலவுக்கு வழியில்லாதவர். ஒருவர்பால் காட்டும் இரக்கம் மற்றொருவருடைய சீட்டில் செலவாக எழுதப்படுகிறது என்பதைக் கணக்கு எழுதுவோர் மறக்கலாகாது.

முன்னறிவிப்பு இருந்தாலும் செலவு முழுவதும் குறைந்துவிடுவதில்லை. அரிசி, பால், காய்கறி ஆகியவை ஆட்களுக்கேற்பக் குறையும். எரிவாயு அப்படிக் குறையாது. நூறு பேருக்குக் குழம்பு வைத்தாலும் நூற்றுப்பத்துப் பேருக்கு வைத்தாலும் அடுப்பு ஏறக்குறைய அதே நேரம் எரியும். இந்தச் சிறு வேறுபாட்டை உடன் வாழ்வோர் என்ற முறையில் எல்லாரும் தாங்கிக்கொள்வது வழக்கம்.

நாட்களை எண்ணுவதிலேயே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஒரு மாணவர் 10 ஆம் தேதி இரவுணவு முடித்துப் புறப்பட்டு, 14 ஆம் தேதி காலைச் சிற்றுண்டிக்குத் திரும்பிவிட்டார். 14 இலிருந்து 10 ஐக் கழித்தால் 4 வருகிறது. ஆனால் அவர் உண்ணாத நாட்கள் 11, 12, 13 ஆகிய மூன்றே. தேதிகளைக் கழிப்பதைவிட, உண்ணாத தேதிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவதே பிழைக்கு இடந்தராத முறை. ஆளுக்கு ஒரு நாள் தவறினாலும் நாற்பது பேருக்கு நாற்பது நாள் தவறிவிடும்.

இனிக் கூலியின் கணக்கு. நம் விடுதியில் சமையற்காரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் மாதச் சம்பளம் 90,000 ரூபாய். ஒரு மாணவர் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனதால் சமையற்காரருடைய சம்பளம் குறைவதில்லை. ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் செலவு வேறு. ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் செலவு வேறு. இந்த இரண்டாவது வகையை எஸ்டாபிளிஷ்மெண்ட் என்று தனியே எழுதி, உணவு நாட்களைப் பாராமல் 120 மாணவர்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள். தலைக்கு 750 ரூபாய் ஆகிறது.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து நாள்விகிதம் கண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கலந்து பார்ப்போம். 2,91,200 ரூபாயோடு 90,000 ரூபாயைச் சேர்த்தால் 3,81,200. 3,200 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 119 ரூபாய் 12 பைசாவுக்குச் சற்று மேலே வருகிறது. மாதம் முழுவதும் உண்டவர் இதன்படி 3,573 ரூபாய் 75 பைசா கொடுப்பார். தனித்தனியே கணக்கிட்டால் உணவுக்கு 30 நாளைக்கு 2,730, சம்பளப் பங்கு 750, ஆக 3,480 ரூபாய்தான். பன்னிரண்டு நாள் இல்லாதிருந்தவர் கலந்த முறையில் 18 நாளைக்கு 2,144 ரூபாய் 25 பைசா கொடுப்பார். தனித்த முறையில் 1,638 உடன் 750 சேர்ந்து 2,388 ரூபாய். கலந்த முறையில் ஊருக்குப் போனவர் 243 ரூபாய் 75 பைசா மிச்சம் பிடிக்கிறார். இருந்தவர் 93 ரூபாய் 75 பைசா கூடுதலாகக் கொடுக்கிறார். போனவருக்காகச் சமையலறை மூடப்படவில்லை. அவர் திரும்பி வரும் நாளில் உணவு ஆயத்தமாக இருப்பதற்கும் அந்தச் சம்பளமே காரணம். ஆதலால் பிரித்து எழுதுவதே முறை.

விருந்தினரைப் பற்றி முன்பு நிறுத்திய கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. 90,000 ரூபாயை விருந்தினரையும் உட்படுத்திய 3,250 உணவு நாட்களுக்குப் பரப்பிப் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 27 ரூபாய் 70 பைசா. பகலுணவு ஐந்தில் இரண்டு பங்காதலால் அதற்கு 11 ரூபாய் 8 பைசா. பண்டச் செலவான 36 ரூபாய் 80 பைசாவுடன் கூட்டினால் 48 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. விருந்தினர் பகலுணவுக்கு 48 ரூபாயாவது வாங்கினால்தான் மாணவர்களுக்கு நட்டமில்லை. நம் விடுதி 70 ரூபாய் வாங்குகிறது. அது லாபத்திற்காக வைத்த விலை என்பதைவிட, விருந்தினர் வருகை வரம்பு மீறாதிருக்க வைத்த விலை என்பது பொருந்தும். எவ்வளவு வைப்பது என்பதை மாணவர் குழுவே தீர்மானிக்கலாம். ஆனால் 48 என்னும் எல்லையைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும்.

இப்போது மூன்று மாணவர்களுடைய சீட்டுகளை எழுதிப் பார்ப்போம். முதலாமவர் 30 நாளும் உண்டார், விருந்தினர் இல்லை. அவருக்கு 3,480 ரூபாய். இரண்டாமவர் முன்னறிவித்துப் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனார், 2,388 ரூபாய். மூன்றாமவர் இரண்டு நாள் வெளியே போனார். விதிப்படி கழிவு இல்லை. அவருடைய தந்தையார் வந்து இரண்டு பகலுணவும் ஒரு சிற்றுண்டியும் உண்டார். அதற்கு 140 உடன் 30 சேர்ந்து 170 ரூபாய். ஆக அவர் கட்ட வேண்டியது 3,650 ரூபாய். விருந்தினர் தொகை அழைத்த மாணவருடைய சீட்டிலேயே எழுதப்படுவதைக் கவனியுங்கள்.

கணக்கு சரியா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. முதற்சோதனை கூட்டல். 120 சீட்டுகளின் தொகையையும் கூட்டினால் ஆன செலவு முழுவதும் கிடைக்க வேண்டும். உணவு விகிதப்படி 2,91,200, சம்பளப் பங்கு 90,000, விருந்தினர் தொகை 7,800, மொத்தம் 3,89,000. செலவோ உணவுக்கு 2,99,000, சம்பளத்திற்கு 90,000, மொத்தம் 3,89,000. இரண்டும் ஒன்றே. சில மாதங்களில் வகுத்தல் இவ்வளவு துல்லியமாக முடியாது. 91 ரூபாய் 3 பைசாவுக்கு மேல் ஒரு துளி மிஞ்சும். அதைத் தள்ளிவிட்டால் 3,200 நாட்களுக்குச் சில ரூபாய் குறையும். அந்தக் குறையை அடுத்த மாதக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வேறுபாடு நூறு ரூபாய்க்கு மேலே போனால் அது பைசாவைத் தள்ளியதால் வந்ததன்று. எங்கோ ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒருவருடைய கழிவு இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சோதனை சீட்டுகளின் பிழையைக் காட்டுமே தவிர, உக்கிராண அறையின் பிழையைக் காட்டாது. உண்ணப்படாத அரிசியும் 'செலவு' என்றே எழுதப்பட்டால் கூட்டல் சரியாகவே இருக்கும். அதற்கு இரண்டாவது சோதனை வேண்டும். ரூபாயை விட்டுவிட்டு நிறையைப் பார்க்க வேண்டும். அந்த மாதம் அரிசி 26 மூட்டை செலவு. மூட்டைக்கு 50 கிலோ வீதம் 1,300 கிலோ. சமையலறை உலை வைத்தது மாணவரும் விருந்தினருமாக 3,250 உணவு நாட்களுக்கு. வகுத்தால் நாளொன்றுக்குத் தலைக்கு 400 கிராம். மாதந்தோறும் இந்த எண்ணை எழுதி வந்தால் அந்த விடுதியின் வழக்கமான அளவு தெரிந்துவிடும். ஒரு மாதம் அது திடீரென்று 440 ஆனால் ஏறக்குறைய 130 கிலோ அரிசிக்குக் காரணம் கேட்க வேண்டும்.

காரணங்கள் பல இருக்கலாம். பதிவேட்டில் எழுதாமல் விருந்தினர் உண்டிருக்கலாம். சொல்லாமல் ஊருக்குப் போனவர்களுக்காகச் சமைத்தது வீணாகியிருந்தாலோ இந்த எண் ஏறாது. ஏனெனில் அந்த நாட்கள் கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்குப் பின்னால் கழிவு கொடுத்து நாட்களை நீக்கிவிட்டால் உடனே ஏறும். மாத முடிவில் இருப்பை நிறுக்காமல் கண் மதிப்பாக எழுதியிருக்கலாம். அவ்வாறானால் அடுத்த மாதம் எண் அதே அளவு இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றுள் எதுவும் இல்லையென்றால்தான் அரிசி வெளியே போயிற்றா என்று ஐயுற வேண்டும். ஒருவர்மேல் பழி சுமத்துமுன் மற்றக் காரணங்களை விலக்கிவிடுவது அவசியம்.

விலையேற்றத்தையும் இந்தச் சோதனையே பிரித்துக் காட்டும். நாள்விகிதம் 88 ரூபாயிலிருந்து 91 ரூபாய்க்கு ஏறிய மாதத்தில் தலைக்கு 400 கிராம் என்பது மாறாமல் இருந்தால், அதிக அரிசி செலவானதால் விகிதம் ஏறவில்லை என்பது தெளிவு. அப்போது கடைச் சீட்டுகளின் விலைகளையும் விருந்தினர் வரவையும் பார்க்கலாம். கிராம் ஏறியிருந்தால் முதலில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

உங்கள் விடுதியின் அடுத்த மாதத் தாளைக் காணும்போது ஐந்து எண்களைக் கேட்டு வாங்குங்கள்: தொடக்க இருப்பு, வாங்கிய பண்டங்களின் மதிப்பு, முடிவு இருப்பு, விருந்தினர் வரவு, மாணவர்களுடைய உணவு நாட்கள். சாக்கும் டின்னும் விற்ற சிறு வரவு இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவை கையிலிருந்தால் நாள்விகிதத்தை ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுவிடலாம். உங்கள் விடையும் தாளிலுள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால் மனநிறைவோடு பணத்தைக் கட்டலாம். வேறுபட்டால், எந்த எண்ணில் வேறுபாடு என்பதைக் குறித்துக்கொண்டு உணவுச் செயலாளரையோ விடுதிக் காப்பாளரையோ அணுகிக் கேட்கலாம். 'விகிதம் அதிகம்' என்று சொல்லும் குறையைவிட, 'முடிவு இருப்பு 36,600 ரூபாய் கழிக்கப்படவில்லை' என்று சொல்லும் குறைக்கு விரைவில் விடை கிடைக்கும்.